மூன்றடிக்குக் கீழே உரிகிறது, வடக்குச் சுவர் கறுக்கிறது: எந்தப் பெயின்றை வாங்குவது?

கேள்வி

எங்கள் வீடு முல்லைத்தீவுக் கரையோரத்தில், கடலுக்கு நடை தூரத்தில் இருக்கிறது. வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடு, சீமெந்துக் கல்லுச் சுவர். இரண்டு வருடத்துக்கு முன் என் கணவர் நல்ல விலை கொடுத்து வெளிச்சுவர்ப் பெயின்ற் வாங்கி அடிப்பித்தார். இப்போது கடலைப் பார்த்த கிழக்குச் சுவரில் நிலத்தில் இருந்து மூன்றடி உயரத்துக்கு அப்பளம் மாதிரிப் பொருமி உரிகிறது. வடக்குச் சுவர் கறுத்துப் பாசி பிடித்துவிட்டது. எல்லாம் உப்புக்காற்றால் வந்தது, இங்கே எந்தப் பெயின்றும் நிற்காது என்கிறார் பெயின்ரர். கடைக்காரர் கீழ்ப்பகுதிக்கு எனாமல், இல்லாவிட்டால் தண்ணீர் புகாத றப்பர் பெயின்றைத் தடிப்பாக அடிக்கச் சொல்கிறார். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் வருகிறார்கள், அதற்கு முன் முடிக்க வேண்டும். இப்போது தை மாதம். எதை வாங்குவது? பழைய பெயின்றுக்குக் கடையில் காசு திருப்பிக் கேட்கலாமா?

பெயர் வேண்டாம், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: கட்டடப் பொறியியலாளர்

அம்மா, உங்கள் வீட்டில் இருப்பது ஒரு வருத்தம் அல்ல, இரண்டு. கிழக்குச் சுவரின் கீழ்ப்பகுதிக்கும் வடக்குச் சுவருக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. இரண்டையும் உப்புக்காற்றின் தலையில் போட்டு ஒரே பெயின்றால் மூட நினைத்தால், இன்னும் இரண்டு வருடத்தில் இதே கேள்வியை எழுதுவீர்கள்.

உப்புக்காற்றுத்தான் பெயின்றை உரிக்கிறது என்றால் சுவர் முழுக்க உரிய வேண்டும். கடற்காற்று நிலத்தில் இருந்து மூன்றடிக்கு மட்டும் வீசுவதில்லையே. கீழே மட்டும், ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு உரிகிறது என்றால் தண்ணீர் நிலத்தில் இருந்து சுவருக்குள்ளால் ஏறுகிறது என்றுதான் அர்த்தம். அந்தத் தண்ணீரோடு உப்பும் ஏறுகிறது.

கழன்ற செதிலைத் திருப்பிப் பாருங்கள்

நாளைக்கே செய்யக்கூடிய சோதனை இது. உரிந்து நிற்கும் பெயின்றில் உள்ளங்கை அளவு செதிலைக் கழற்றி, அதன் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பின்பக்கத்தில் மணலும் சீமெந்துத் தூளும் ஒட்டி வந்து, சுவரில் வெள்ளையாகப் பஞ்சு போன்ற தூளும் இருந்தால், பெயின்ற் தன் பிடியை விடவில்லை, பூச்சுத்தான் உப்பால் இற்றுப் போயிருக்கிறது. பின்பக்கம் சுத்தமாக, பழைய சுண்ணாம்பு மட்டும் மாவாக ஒட்டியிருந்தால், சுரண்டாமல், பிரைமர் அடிக்காமல் மேலே பூசியிருக்கிறார்கள். இரண்டு கோட்டுக்கு இடையில் பிரிந்து, கீழ்க்கோட் சுவரிலேயே நின்றால், முதல் கோட்டின் மேல் தூசோ இரவு படிந்த உப்புப் பனியோ துடைக்கப்படாமல் இருந்திருக்கிறது. உங்கள் விவரத்தைப் பார்த்தால் முதலாவதாகத்தான் இருக்கும்.

வெள்ளைத் தூளைப் பூஞ்சணம் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சத்தைச் சுரண்டி ஒரு துளி தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உப்பு கரையும், பூஞ்சணம் கரையாது.

இந்த உப்பு எப்படிச் சுவருக்குள் வந்தது? கரையோரத்தில் கட்டும்போது கடற்கரை மணலைப் பூச்சுக்குக் கலப்பதும், உவர்க் கிணற்றுத் தண்ணீரில் சீமெந்து குழைத்து அதே தண்ணீரை ஊற்றிப் பூச்சை நனைப்பதும் நடப்பதுதான். அதற்கு மேல் நிலத்து ஈரமும் வருடம் முழுக்க உப்பை ஏற்றிக்கொண்டே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றில் இருந்தே நீரை உறிஞ்சிக் கசியும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். அதனால்தான் விடியக் காலையில் நனைந்த மாதிரிக் கறுத்து நிற்கும் சுவர், மத்தியானம் வெளுத்து வெள்ளைத் தூளோடு நிற்கிறது. காயும்போது உப்பு மணியாக உறைந்து விரியும், இரவில் மறுபடி கரையும். பெயின்றுக்குப் பின்னால் நாளாந்தம் நடக்கும் இந்த விரிவுதான் பூச்சின் மேற்தோலையும் சேர்த்துத் தள்ளுகிறது.

எனாமலும் றப்பர் பெயின்றும்

கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தண்ணீர் வெளியில் இருந்து உள்ளே போகிறது என்று நினைத்துச் சொல்கிறார். உங்கள் சுவரில் தண்ணீர் உள்ளே இருந்து வெளியே வரப் பார்க்கிறது. றப்பர் போல் இழுபடும் தடிப்பான பெயின்றை அதன் மேல் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் இன்னும் மேலே ஏறும். இப்போது மூன்றடியில் நிற்கிற கோடு நாலடி, ஐந்தடிக்குப் போகும், வீட்டின் உட்பக்கச் சுவரிலும் தெரியத் தொடங்கும். அந்தப் பெயின்ற் கொப்புளமாகப் பொங்கும், குத்தினால் தண்ணீர் வரும். மேல்சுவரில் மயிரிழை வெடிப்புகளை மூட அது நல்ல சரக்குத்தான், ஆனால் காய்ந்த சுவருக்கு மட்டும்.

எனாமல் அதைவிட மோசம். அதில் இருப்பது எண்ணெய். சீமெந்துப் பூச்சில் இருப்பது காரம். ஈரமும் சேர்ந்தால் எண்ணெயும் காரமும் கூடிச் சவர்க்காரமாக மாறும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு தோலாகக் கழன்று வரும். புதுப் பூச்சில் இது இன்னும் விரைவாக நடக்கும். எனாமலைக் கதவு, யன்னல் கம்பிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிழக்குச் சுவர்: முதலில் மண்வெட்டி

பெயின்ற் வாங்க முன் சுவரோரம் குனிந்து பாருங்கள். வீடு கட்டியபோது அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படை, மேசன்மார் டி.பி.சி. என்பது, போட்டிருப்பார்கள். அநேகமாக அது வீட்டின் தரை மட்டத்தில் இருக்கும். பிறகு வளவுக்கு மணல் பரவி, பூங்கன்று நட்டு, வெளிமண் அந்தப் படைக்கு மேலே ஏறியிருந்தால், ஈரம் படையைச் சுற்றிக்கொண்டு சுவருக்குள் போய்விடும். மண்ணைத் தரை மட்டத்துக்கு ஆறு அங்குலம் கீழே வரும்வரை வெட்டி இறக்குங்கள். வெளிப்பூச்சு படையைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கியிருந்தாலும் அதே கதைதான். படை இருக்கும் மட்டத்துக்குக் கீழே உள்ள பூச்சைக் கொத்தி எடுத்து, அந்த இடத்தைப் பூசாமல் விடச் சொல்லுங்கள். கூரைத் தண்ணீர் பீலி இல்லாமல் நேரே விழுந்து தெறிக்கிறதா என்பதையும் பாருங்கள். தெறிப்பு மட்டுமே ஓரடி உயரத்துக்குச் சுவரை நனைக்கும்.

அடுத்தது பழுதான பூச்சு. உப்பேறிய பூச்சைக் காப்பாற்ற முடியாது. கண்ணுக்குத் தெரியும் கோட்டுக்கு மேலே இன்னும் ஓரடி சேர்த்து, அதாவது நாலடி உயரத்துக்கு, கல்லுத் தெரியக் கொத்தி எடுக்க வேண்டும். கொத்திய துண்டுகளைச் சுவரடியில் போட்டு வைக்காதீர்கள், மழைக்கு உப்பு மறுபடி அங்கேயே இறங்கும். கல்லில் படிந்த வெள்ளைத் தூளைக் காய்ந்த வயர் பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். இந்த இடத்தைத் தண்ணீரால் கழுவ வேண்டாம். கழுவினால் உப்பு கரைந்து திரும்பக் கல்லுக்குள் போய்விடும்.

மாசி முழுவதும் சுவரைத் திறந்தே விடுங்கள். மாசிக் கடைசியில் ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, ஆறு பங்கு கழுவிய ஆற்று மணல் என்ற கலவையில் பூசலாம். ஒன்றுக்கு மூன்று என்று கடும் கலவை வைத்தால் உறுதி என்று மேசன் சொல்லக்கூடும். உப்புச் சுவரில் கடும் பூச்சு மூச்சு விடாது, வெடித்துத் தகடாகப் பிரியும். உங்கள் வீட்டின் நீளப்பக்கம் 27 அடி என்று வைத்துக்கொண்டால் நாலடி உயரத்துக்கு 108 சதுர அடி வருகிறது. ஒரு பை சீமெந்து போதும். குழைக்கவும், ஏழு நாள் நனைத்து வைக்கவும் நல்ல தண்ணீர் வேண்டும். பவுசரில் வாங்கியாவது ஊற்றுங்கள், உவர்க் கிணற்றைத் தொடாதீர்கள்.

இனி, நீங்கள் விரும்பாத ஒரு விடயம். புதுப் பூச்சின் காரம் அடங்க 28 நாள் போதும், ஆனால் கல்லுக்குள் இருக்கும் ஈரம் அதற்குள் காயாது. ஓரங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் வைக்கும் பருமட்டான கணக்கு. ஆறங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் மூன்று மாதம் எடுக்கும். ஆகவே இந்த நாலடிப் பட்டிக்கு இந்த வருடம் பெயின்ற் வேண்டாம் என்பது என் ஆலோசனை. சுண்ணாம்பு அடியுங்கள். பழைய வீடுகளுக்கு அடித்த அதே சுண்ணாம்புதான். ஈரத்தை வெளியே விடும், உப்பு வந்தாலும் தூளாக உதிரும், பொருமாது. நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடித்து மோர்ப் பதத்துக்குக் கரைத்து, சுவரை லேசாக நனைத்துக்கொண்டு, மெல்லியதாக மூன்று தரம் அடித்தால் போதும். காவி ஒட்சைட் தூள் கொஞ்சம் கலந்தால் பட்டி பார்க்கவும் வடிவாக இருக்கும், தெறிக்கும் சேறும் தெரியாது. ஒட்டுவதற்காகச் சுண்ணாம்பில் ஒரு பிடி உப்புப் போடும் பழக்கம் உண்டு. உங்கள் சுவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

பின்னால் இந்தப் பட்டிக்கும் பெயின்ற் அடிக்கிற எண்ணம் இருந்தால் சுண்ணாம்பை அடிக்காமல் பூச்சை வெறுமையாக விடுங்கள், ஏனென்றால் சுண்ணாம்பின் மேல் இமல்ஷன் ஒட்டாது. அடுத்த மாரி கழிந்து, ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றை நாலு பக்கமும் ரேப் ஒட்டிப் பின்னேரம் சுவரில் வைத்து, மறுநாள் மத்தியானம் கழற்றிப் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்து இல்லை, சுவர் கறுக்கவும் இல்லை என்றால் மட்டும் பெயின்ற்.

வடக்குச் சுவர்

கறுப்பு எல்லாம் பூஞ்சணம் அல்ல. கடையில் விற்கும் திரவ பிளீச்சில் ஒரு துளியைக் கறுப்பின் மேல் வைத்து ஓரிரு நிமிடம் பாருங்கள். வெளுத்தால் அது பாசி அல்லது பூஞ்சணம். மாறாவிட்டால் தூசு, புகை.

இது வடக்குச் சுவரில் வருவதற்குச் சூரியன் காரணம். புரட்டாதிக் கடைசியில் இருந்து பங்குனி வரை நம் பக்கத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். அதே காலத்தில்தான் வாடையும் மழையும் வடகிழக்கில் இருந்து வந்து அந்தச் சுவரை அடிக்கின்றன. நனைவதும் அதுதான், வெயில் காணாததும் அதுதான். சோளகம் வீசும் மாதங்களில் சுவர் காய்ந்து கறுப்பும் உலர்ந்து கிடக்கும், செத்துவிட்டது என்று நினைத்து அதன் மேல் பூசிவிடுவார்கள். அது சாகவில்லை. முதல் மழைக்குப் புதுப் பெயின்றைத் துளைத்துக்கொண்டு வரும்.

ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, கீழிருந்து மேலாக அடித்து, கால் மணி நேரம் ஈரமாகவே விட்டு, நைலோன் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரால் நன்றாக அலசுங்கள். அலசாவிட்டால் பிளீச்சே சுவரில் உப்பாகத் தங்கிவிடும். கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அடிக்க வேண்டாம், அது விட்டுச்செல்லும் கல்சியம் குளோரைட் ஈரத்தை இன்னும் இழுக்கும். கையுறை, கண்ணாடி போடச் சொல்லுங்கள். கழிப்பறை கழுவும் அசிட்டோடு பிளீச்சை ஒருபோதும் சேர்க்கக்கூடாது, நச்சுவாயு கிளம்பும். கறுப்பு திரும்பவும் தெரிந்தால் இன்னொரு தரம் செய்து, மூன்று நாள் வெயிலில் காயவிட்டுப் பிறகு பெயின்ற்.

சுவருக்கு அருகில் வாழையோ தாங்கியின் வழிகுழாயோ இருந்தால் அவற்றை நகர்த்தாமல் எந்தப் பூஞ்சண எதிர்ப்புப் பெயின்றும் உதவாது. பெயின்றில் இருக்கும் மருந்து மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போகிறதுதான். மெல்லியதாக அடித்த இடத்தில் மருந்தும் குறைவு, அங்கேதான் முதலில் கறுக்கும்.

இனிப் பெயின்ற்

நாலடிக்கு மேலே கிழக்குச் சுவருக்கும் மற்ற மூன்று சுவர்களுக்கும் வெளிச்சுவர் அக்ரிலிக் இமல்ஷன் வாங்குங்கள். ரின்னில் 'வெளிச்சுவர்' என்று இருந்தால் மட்டும் போதாது. நூறு வீத அக்ரிலிக் என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். வைனல் கலந்த மலிவுச் சரக்கு காரத்துக்கும் ஈரத்துக்கும் தாங்காது. ஸ்ரைறீன் அக்ரிலிக் தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் வெயிலில் மாவாகும். முற்றிலும் மங்கலாக இல்லாமல் லேசான பளபளப்பு உள்ளதை எடுத்தால் உப்பும் தூசும் படிவது குறையும், கழுவவும் சுகம். வெடிப்பு, குழி அடைக்க உள்வீட்டுப் புட்டியைப் பாவிக்க விடாதீர்கள், நனைந்தால் அது கரையும். சீமெந்து கலந்த வெளிச்சுவர்ப் புட்டி வேண்டும்.

பழைய பெயின்ற் மேலே உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கக் கத்தியால் ஒரு பெருக்கல் குறி கீறி, ரேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுங்கள். பெயின்ற் ரேப்போடு வந்தால் அந்த இடத்தைச் சுரண்ட வேண்டும். வராவிட்டால் கழுவி, மண்கடதாசியால் தேய்த்து மேலே அடிக்கலாம். கையில் மாவாக ஒட்டும் இடத்துக்கும் சுரண்டிய இடத்துக்கும் காரம் தாங்கும் தண்ணீர்ப் பிரைமர் ஒரு கோட்.

அளவைப் பாருங்கள். 27க்கு 21 அடி வீட்டின் சுற்றளவு 96 அடி, பத்தடி உயரத்துக்கு 960 சதுர அடி. கூரை முகடு இரண்டுக்கும் 100 கூட்டி, கதவு யன்னலுக்கு 130 கழித்து, சுண்ணாம்புப் பட்டி 108ஐயும் கழித்தால் ஏறக்குறைய 820 சதுர அடி. ரின்னில் போட்டிருக்கும் பரப்பு மழமழப்பான சுவருக்கானது. மணல் பூச்சில் ஒரு லீற்றர் 85 சதுர அடிக்கு மேல் போகாது. இரண்டு கோட்டுக்கு 20 லீற்றர் ஒன்றும், பிரைமர் 4 லீற்றரும் கணக்கு. முதல் கோட்டுக்குப் பத்து லீற்றருக்கு ஒரு லீற்றர் நல்ல தண்ணீர், இரண்டாவதற்கு அதில் பாதி. இரண்டு கோட்டும் முடிந்து ரின்னில் ஆறேழு லீற்றர் மிச்சம் என்று பெயின்ரர் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், தண்ணீர்தான் சுவரில் இருக்கிறது.

சித்திரையில் அடிக்கலாம். பனி காய்ந்து ஒன்பது மணிக்குத் தொடங்கி, மூன்று மணிக்கு முன் நிறுத்த வேண்டும். அந்த மாதத்துப் பின்னேர மழையை மனதில் வைத்து, இருண்டால் தொடங்கவே வேண்டாம். நேர் வெயில் சுடும் சுவரில் பெயின்ற் பிடிக்க முன் தோல் காய்ந்துவிடும், ஆகவே காலையில் மேற்கு, மத்தியானத்துக்குப் பின் கிழக்கு. முதல் கோட்டுக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஓர் இரவு போனால், மறுநாள் சுவரை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட்ட பிறகே அடிக்க வேண்டும். உங்கள் பெயின்ரர் சொன்ன உப்புக்காற்று உண்மையில் கெடுதல் செய்யும் இடம் இதுதான். அடித்து முடிந்த பிறகும், ஒவ்வொரு வருடமும் வாடை ஓய்ந்ததும் கிழக்குச் சுவரை ஒருதரம் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

காசு திருப்பிக் கேட்பது

கீழே உரிந்ததற்குக் கேட்க முடியாது. பெயின்ற் உத்தரவாதங்கள் பொதுவாக ஈரம் ஏறும் சுவரையும் பிரைமர் இல்லாத சுவரையும் விலக்கியே எழுதப்படுகின்றன. பழைய ரின்னை எறியவில்லை என்றால் எடுத்து வாசியுங்கள். வெளிச்சுவருக்கு என்று சொல்லி உள்வீட்டுப் பெயின்றைத் தந்திருந்தால் அது வேறு கதை. பற்றுச்சீட்டோடும் ரின்னோடும் கடையில் பேசிப் பாருங்கள். நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், இரண்டு வருடம் கழிந்த உங்களுக்கு அந்த வழி இல்லை. பற்றுச்சீட்டு இல்லை என்றால் அந்த அலைச்சலை விட்டுவிட்டு, இந்த மாதமே மண்ணை வெட்டி இறக்க ஆள் பிடியுங்கள். மாசிக் கடைசியில் பூச்சு முடிந்தால்தான் 28 நாளும் கழிந்து சித்திரையில் பட்டிக்குச் சுண்ணாம்பும் மற்றச் சுவர்களுக்குப் பெயின்றும் அடிக்க முடியும்.